பன்னிரண்டு மணிப் பாங்கு

சைகோனில் துணிக்கடை வைத்திருந்து, அங்கே நிலவரம் கெட்டதும் காரைக்காலுக்குத் திரும்பி வந்த முதலாளி ஒருவர் எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரு பெண்டுலக் கடிகாரம் கொடுத்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் அது. கடிகாரத்தைவிட அதன் அடியில் அவர் பேர் பொறித்த பித்தளைத் தகடு பெரிசு. அதைச் சுவரில் மாட்டிக்கொடுத்தது நான். பள்ளிவாசல் தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை என்னுடையது.

அதுவரை நடுப்பகல் தொழுகையான லுஹருக்கு நேரம் பார்த்தது மோதினார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. முற்றத்தில் ஒரு பித்தளைக் கம்பி நேராக நிற்கும். அதன் அடி வழியாக வடக்கு தெற்காகச் சிமெண்டில் ஒரு கோடு. கம்பியின் நிழல் மேற்கிலிருந்து நகர்ந்து வந்து கோட்டில் விழுந்தால் உச்சி. கோட்டைத் தாண்டிக் கிழக்கே சாய்ந்த பிறகுதான் லுஹருக்கு நேரம். அதற்கு முன்னால் தொழுதால் அது தொழுகையில் சேராது. மதரசாவில் முதல் வருஷம் படிப்பதே இதுதான்.

முதலாளிக்குக் கம்பி பிடிக்கவில்லை. சைகோனில் எல்லாம் மணிப்படி நடந்ததாம். நவம்பர் முதல் வாரத்தில் மழை ஒரு நாள் விட்டது. கையில் தங்கக் கைக்கடிகாரத்தோடு கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நிழல் கோட்டில் விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்து நான்கு. "ஆறு நிமிஷம் தாராளமா விட்டு வச்சிக்குவோம். இனிமே வருஷம் பூரா பன்னண்டுக்குப் பாங்கு, பன்னண்டே காலுக்குத் தொழுகை" என்றார். ஒரே ஒரு நாள் சூரியனைப் பார்த்துவிட்டு வருஷம் முழுசுக்கும் தீர்ப்பு. பலகையில் பெயின்டிலேயே எழுதி மாட்டினார்கள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாத நாளில் மோதினாரும் கடிகாரத்தைப் பார்த்தே பாங்கு சொன்னார், யாருக்கும் தகராறு இல்லை. மார்கழியில் வானம் வெளுத்ததும் வந்தது வினை. பன்னிரண்டு அடித்தது, மோதினார் வாய் திறக்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜனவரி முதல் வாரத்தில் அவர் பாங்கு சொன்னது பன்னிரண்டு பதினெட்டுக்கு. அடுத்த வாரம் இருபத்தொன்றுக்கு. அதற்கடுத்த வாரம் இருபத்து நான்குக்கு. சோற்று நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஜமாஅத்தைக் கூட்டி முதலாளி கேட்டார்: "வாரத்துக்கு வாரம் தூக்கம் கூடுதோ மோதினாரே?"

"சூரியன் சாயாம பாங்கு சொல்ல முடியாதுங்க. நிழல வந்து பாருங்க" என்றார் அவர்.

ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கம்பி இருந்தது பத்தடி தூரத்தில். இமாமுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் முதலாளி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதனால் அவர் தரையைப் பார்த்தார். என்னிடம் கேட்டார்கள், கடிகாரம் வேகமாக ஓடுகிறதா என்று. ஆறு நாளாக ரேடியோ மணியோடு ஒத்துப் பார்த்திருந்தேன், அரை நிமிஷம்கூடப் பிசகவில்லை. என் வேலையில் குறை சொல்கிறார்களே என்ற ரோஷம் வேறு. எழுந்து நின்று, "கடிகாரம் சரி" என்றேன்.

"அப்ப ஆள்தான் சரியில்லை" என்றார் முதலாளி. அன்று மாலையே மோதினாரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிவிட்டார்கள். முதலாளியின் மச்சான் மகன் அந்த வேலைக்கு வந்தான். பன்னிரண்டாவது மணி அடித்து ஓயுமுன் பாங்கு சொல்லிவிடுவான், அவ்வளவு சுறுசுறுப்பு.

மோதினார் வீட்டுக் கொல்லையில் ஒரு குச்சியை நட்டு, கோடு கிழித்து, தனியாகத் தொழுதுகொண்டிருந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் போய்ப் பார்த்தேன். நிழல் கோட்டைத் தொட்டபோது என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தைந்து. கோடு கோணல் என்று முடிவு கட்டினேன். காலையிலும் பிற்பகலிலும் குச்சியின் நிழல் ஒரே நீளத்துக்கு வரும் இரண்டு இடங்களைக் குறித்து, நடுவே கோடு இழுத்தேன். அவர் கோட்டின் மேலேயே விழுந்தது. அப்போதும் என் புத்திக்கு உறைக்கவில்லை. பள்ளியில் முதல் வரிசையில் நின்று பன்னிரண்டே காலுக்குத் தொழுதுவிட்டு, இங்கே வந்து நிழலை அளந்துகொண்டிருந்தேன். இப்படி ஒரு கெட்டிக்காரன்.

பிப்ரவரி நடுவில் நிழல் இருபத்தைந்திலேயே நின்றது. மாசக் கடைசியில் இருபத்து மூன்றுக்கு வந்தது. மார்ச் பாதியில் இருபது. கோடு கோணல் என்றால் பிசகு எப்போதும் ஒரே அளவாக இருக்கும், போய்விட்டுத் திரும்பி வராது. சோம்பேறியும் தானாகத் திருந்தி வாரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வரமாட்டான்.

கடலில் இடம் கண்டுபிடிக்கச் சூரியனையும் கடிகாரத்தையும் ஒத்துப் பார்க்கிறவர்கள் கப்பல்காரர்கள். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த மாலுமி ஒருவர் கடற்கரைத் தெருவில் இருந்தார். அவரிடம் ஒரு அட்டவணை இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் சூரியன் கடிகாரத்துக்கு எத்தனை நிமிஷம் முந்தும், பிந்தும் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். நேரச் சமன்பாடு என்று அதற்குப் பேர். உலகத்துக்கே தெரிந்த சங்கதி, எங்கள் ஜமாஅத்துக்குத்தான் தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மட்டும் மறு உச்சி வந்துவிடாது. அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் திரும்பியாக வேண்டும். அந்தக் கொஞ்சம் தினமும் ஒரே அளவு இல்லை. ஜனவரியில் பூமி சூரியனுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அப்போது வேகமாக நகர்கிறது, ஜூலையில் மெதுவாக. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் இன்னொரு ஏற்ற இறக்கம். டிசம்பர் கடைசியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து, உச்சியைத் தினமும் அரை நிமிஷம் தள்ளுகின்றன. கடிகாரம் வருஷத்தின் சராசரியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடுகிறது. போதாததற்கு, இந்தியா முழுசுக்கும் மணி வைத்த கோடு நமக்குக் கிழக்கே இருப்பதால் நிரந்தரமாகப் பத்துப் பதினோரு நிமிஷம் பாக்கி. நவம்பரில் சூரியன் பதினாறு நிமிஷம் முந்துகிறது, பிப்ரவரியில் பதினான்கு பிந்துகிறது. முதலாளி நிழல் பார்க்க வந்தது, வருஷத்திலேயே உச்சி மிகச் சீக்கிரம் வரும் வாரத்தில்.

அட்டவணையைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அன்னைக்கு நான் பார்த்தது சரிதானே?" என்றார். சரிதான் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் பலகையில் பாங்கு பன்னிரண்டரை என்று மாறியிருந்தது. வருஷம் முழுதும் அதில் தப்பு வராது. காரணத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மோதினாரைத் திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். "வர்றேன். ஆனா என்னைப் போகச் சொன்ன அதே இடத்துல, இந்த எட்டு வாரமும் நேரத்துக்கு முந்தித் தொழுதோம், எல்லாரும் களாவா திருப்பித் தொழணும்னு ஜமாஅத்துக்குச் சொல்லிடுங்க. எனக்காக இல்லை, அவங்க தொழுகைக்காக" என்றார்.

முதலாளி சொல்லவில்லை. இமாம் தரையைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, பள்ளி நிறைய ஆள். முதலாளியை விட்டால், அட்டவணையைப் படித்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். எழுந்து நிற்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பெண்டுலம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மோதினார் வெளியூர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் என் எட்டு வாரத் தொழுகையையும் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு திருப்பித் தொழுது முடித்தேன். அவருக்குத் திருப்பித் தொழ ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பள்ளியில் ஜமாஅத்தின் முன்னால் எழுந்து நின்று நான் பேசியது என் ஆயுசிலேயே ஒரு தடவைதான், கடிகாரம் சரி என்று சொன்னதுதான் அது.