படுத்த செடிக்கு மருந்து இல்லை

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பூச்சிமருந்துக் கடையில் ஷகிலாவிடம் பேச்சுக் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. தோற்றதாகவும் எவரும் ஒத்துக்கொள்வதில்லை. வாங்க வந்ததை வாங்காமல் போகிறவர்கள் "அந்தம்மாவுக்குத் திமிரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஷகிலா அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

கடை அவளுடைய அப்பா தொடங்கியது. அவர் மவுத்தான பிறகு சித்தப்பா அப்துல் கனி பொறுப்பேற்றார். ஆனால் பூச்சிமருந்து விற்க லைசென்ஸ் வேண்டுமென்றால் கடையில் படித்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். தாவரவியல் பட்டம் இருந்தது ஷகிலாவிடம்தான். அதனால் கல்லாவை ஒட்டிய நாற்காலி அவளுக்கு வந்தது. சித்தப்பா அதை மனசாரக் கொடுத்தாரா என்பது வேறு கதை. இந்த வருஷம் அவர் மகன் ஜீஷானும் அதற்கான படிப்பை முடித்துவிட்டான். அன்றிலிருந்து நாற்காலியின் ஒரு கால் ஆடத்தான் செய்தது.

வாட்ஸ்அப் வந்த பிறகு யாரும் களையைக் கையில் கொண்டுவருவதில்லை. பிடுங்கி, பைக் சீட்டில் அப்படியே பரப்பி, ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஷகிலாவுக்கு எரிச்சல் வந்ததே இங்கேதான். நிற்கிற செடியைப் படுக்க வைத்தால் பாதி அடையாளம் போய்விடும். புல்லின் இலைகள் தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். கோரைக்கு மூன்று பக்கமும் வரும். சீட்டில் வைத்து அமுக்கினால் மூன்றாவது வரிசை அடியில் போய் மறைந்துகொள்ளும். படத்தில் பார்த்தால் கோரையும் புல் மாதிரியே இரண்டு பக்கமாகத் தெரியும். புல்லுக்கு அடிக்கிற மருந்து கோரையை ஒன்றும் செய்யாது என்பதுதான் இதில் உள்ள வம்பு.

அன்றைக்கு ரஞ்சித்குமார் அனுப்பிய படமும் அந்த மாதிரிதான். அவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு, மொரப்பூர் ரோட்டில் இருக்கிற நிலக்கடலைக் காட்டை ஃபோனிலேயே நடத்துகிறவன். உறவுக்காரர்கள், பக்கத்துக் காட்டுக்காரர்கள் என்று பாதி ஊரையே இந்தக் கடைக்கு இழுத்து வந்தவனும் அவன்தான். மருந்து வாங்கிப்போக ஸ்ப்ரேயர் அடிக்கிற மாது கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றான்.

ஃபோன் வந்தது. "அக்கா, போன வருஷம் குடுத்தீங்கல்ல புல்லு மருந்து, அதையே குடுத்துடுங்க. மாது வந்திருப்பான்."

"படம் பத்தாதுங்க தம்பி. செடி படுத்திருக்கு."

"படுத்தா என்னங்க, அது தூங்கவா போவுது? புல்லுங்க அது!"

"போன வருஷம் புல்லு, சரி. புல்லெல்லாம் செத்த எடத்துல இந்த வருஷம் என்ன மொளைச்சிருக்குன்னு பாக்க வேணாமா? மாதுவ அனுப்பறேன். நிக்கிற செடிய நேரா மேலருந்து ஒரு படம். தண்ட பிளேடால வெட்டி, வெட்டுவாயக் காட்டி ஒரு படம். ரெண்டும் வந்தாத்தான் மருந்து."

மாது தலையைச் சொறிந்தான். "அக்கா, அவ்வளவு தூரம் போயிட்டு வரணுங்க..."

"மருந்த அடிச்சிட்டு அது சாவலைன்னா, மறுபடி நீதான மாது டேங்க சொமக்கணும்?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். அப்துல் கனி கணக்கை மூடிவிட்டு எழுந்து வந்தார். "ஏம்மா, கேக்கறதக் குடுக்கறதுக்குத்தான கடை? அந்தப் பையன் போனா பின்னாடி ஒரு ஊரே போவும்."

"போகட்டும் சாச்சா. தப்பான மருந்தக் குடுத்தாலும் போகத்தான் போறாங்க."

"ஜீஷான் சும்மாதான் இருக்கான். அத ஞாபகம் வச்சுக்க."

சொன்னது ஷகிலாவுக்குப் புரிந்தது. இந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. வீட்டில் உட்காரச் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் பத்துப் பேர். இருந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

படங்கள் வந்தன. மாது கொஞ்சம் ஆட்டி எடுத்திருந்தான், ஆனால் போதும். மேலிருந்து பார்த்த படத்தில் இலைகள் மூன்று திசைக்கும் பிரிந்து நின்றன. வெட்டிய பூத்தண்டின் முனை அச்சு அசலாக முக்கோணம். உள்ளே வெள்ளையாகச் சதை நிறைந்திருந்தது, புல் என்றால் இருக்கிற கணு தண்டில் ஒன்றும் இல்லை. உருண்டைத் தண்டுக் கோரையும் உண்டு என்பதால் அவள் ஒரு அடையாளத்தை மட்டும் நம்புவதில்லை. இங்கே இலை, தண்டு இரண்டும் ஒன்றையே சொன்னன.

உடனே ரஞ்சித்குமாருக்கு ஃபோன் போட்டாள். "கோரைங்க தம்பி. நீங்க கேட்ட மருந்து இதத் தொடக்கூட தொடாது. ஆள விட்டு கிழங்கோட கொத்தி எடுங்க. கடலைப் பூவுலருந்து காய் புடிக்கற விழுது மண்ணுல இறங்கறதுக்குள்ள முடிக்கணும். இறங்கிட்டா கடலைக் காட்டுல கொத்து வைக்க முடியாது."

"ஆளு எங்கங்க கெடைக்குது? மருந்துக் கடையில உக்காந்துகிட்டு மருந்து இல்லைங்கறீங்க. வேற கடையே இல்லையா அரூர்ல?"

"இருக்கு தம்பி. ஆனா அங்கயும் கோரை கோரைதான்."

ஃபோன் வைக்கப்பட்டது. அப்துல் கனி நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஷகிலா ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, தடித்த பேனாவால் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்தாள். "படுத்த செடிக்கு மருந்து இல்லை. நிற்க வைத்து, மேலிருந்து எடுங்கள். தண்டை வெட்டிக் காட்டுங்கள்."

"இத எடு மொதல்ல," என்றார் சித்தப்பா.

"நான் எந்திரிச்சா இதையும் எடுத்துக்கங்க. நான் இருக்கற வரைக்கும் இது இருக்கும்."

மறுநாள் ஜீஷானுக்கென்று ஒரு புது நாற்காலி கடைக்கு வந்து சேர்ந்தது. ரஞ்சித்குமாரின் ஊர்க்காரர்கள் எதிர்க்கடைப் படியில் ஏறுவதை ஷகிலா தன் இடத்திலிருந்தே பார்த்தாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அட்டையைத்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் போல இருக்கும். ரஞ்சித்குமார் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வந்து நின்றான். கையில் வேரோடு ஒரு செடி இருந்தது, வேரில் கறுப்புக் கிழங்கு தொங்கியது.

"அடிச்சேங்க. காடு பூரா. அங்கங்க இருந்த நாலு புல்லு பழுத்துப் போச்சு. இது மட்டும் ஜம்முனு நிக்குது."

ஷகிலா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "கடலை பூ எடுத்து எத்தினி நாளாச்சு? விழுது இறங்கிடுச்சா?"

"இப்பத்தாங்க பூ எடுக்குது."

"அப்ப இன்னிக்கே ஆளப் புடிங்க. கூலி கூடக் கேட்டா குடுங்க. விழுது எறங்கிட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, என்னாலயுந்தான்."

அவன் தலையாட்டிவிட்டு வாசலிலேயே நின்று ஆட்களுக்கு ஃபோன் போட ஆரம்பித்தான். கத்திக் கத்திப் பேசினான். கடைசியில் அதியமான்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் மறுநாள் காலை வருகிறது என்று உறுதியானது. அதைக் கேட்ட பிறகுதான் ஷகிலாவுக்கு மூச்சு வந்தது.

அதற்குள் கிருஷ்ணப்பன் என்கிற விவசாயி உள்ளே நுழைந்து, நேரே அப்துல் கனியிடம் ஃபோனை நீட்டினார். "பாய், இந்தப் புல்லுக்கு ஒண்ணு குடுங்க."

பைக் சீட்டில் பப்பரப்பா என்று படுத்திருந்தது செடி. அப்துல் கனி படத்தைப் பார்த்தார். ரஞ்சித்குமாரின் கையில் இருந்த கிழங்கைப் பார்த்தார். அட்டைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"இதுக்குக் குடுக்க முடியாதுங்க. நிக்க வச்சு, மேலருந்து எடுத்துகிட்டு வாங்க," என்றார் கடுகடுவென்று.

ஷகிலா பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தண்டையும் வெட்டிக் காட்டச் சொல்லுங்க, சாச்சா."