மழைமேகம் என்கிற வெளிர் சாம்பல்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாய் ஊரில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் கலந்து பார்க்கிற வேலை எனக்கு. பெயர் வைப்பது என் வேலை இல்லை. ஆனாலும் அந்த வருஷம் தீபாவளிக்கு, கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கிற எண்ணெய் பெயிண்டில் தமிழ்ப் பெயர்களோடு ஒரு வரிசை கொண்டுவந்தபோது, கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

சாம்பல் நிறத்துக்கு நான்கு பெயர்கள் வைத்திருந்தார்கள்: தூறல், சாரல், அடைமழை, மழைமேகம். இலேசானதிலிருந்து அடர்த்தியானதுவரை. எனக்குப் பிடித்திருந்தது. பெயரைக் கேட்டாலே எது இலேசு, எது கருப்பு என்று தெரிந்துவிடும். அழகான பெயருக்கு அவ்வளவு புத்தியாவது இருக்க வேண்டும்.

பிறகு கடைசி நிறத்தை எடுத்துவிட்டார்கள். அடர்த்தியான நிறத்துக்கு வெள்ளை கலக்காத தனி அடிப்பெயிண்ட் வேண்டும். சின்னக் கடைகளில் அதை வாங்கி வைப்பதில்லை. நிறம் போனது சரி, பெயர் மட்டும் போகவில்லை. விளம்பரப் பிரிவு அம்மாவுக்கு மழைமேகம் என்ற பெயர்மேல் அப்படி ஒரு ஆசை. தூறல் என்ற பெயரை நீக்கிவிட்டு, இருக்கிறதிலேயே வெளுத்த சாம்பலுக்கு அதைச் சூட்டிவிட்டார்.

"மேகம்னா கருப்புன்னுதானே நினைப்பாங்க? கீழே வெளிர் சாம்பல்னாவது போடுங்க," என்றேன்.

"அதெல்லாம் போட்டா பேரோட அழகே போயிடும்லா. கலர் மாதிரி கார்டைப் பார்த்துத்தானே வாங்குவாங்க?"

"கார்டை எங்கங்க பார்க்கிறாங்க? கடைக்குப் போய் பேரைச் சொல்றாங்க, மெஷின் கலந்து குடுத்துடுது!"

என் குரல் உயர்ந்துவிட்டது. மேலாளர் தேநீர் குடிக்கலாம் என்றார். கார்டு அப்படியே அச்சுக்குப் போனது.

மாசாயில் என் அக்கா வீடு. அக்கா விடியுமுன்பே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய் இரவில் திரும்புவாள். மச்சானுக்குச் சர்க்கரை வியாதியால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. எழுத்து தெரியாது, முகம் கலங்கலாகத் தெரியும். பகலெல்லாம் தனியாக இருக்கும் மனுஷனுக்கு, யார் கையையும் பிடிக்காமல் குளியலறைக்குப் போய்வருவதுதான் மிச்சமிருந்த மானம். அந்த வாசலில் ஒரு படி. தரையும் வெள்ளை, படியும் வெள்ளை. படி விளிம்பில் கருப்பாகப் பட்டையடித்தால் கண்ணுக்குத் தட்டுப்படும் என்று மருத்துவமனையில் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்; அக்காவுக்கு அது தெரியாது.

மச்சான் வானொலியில் எங்கள் விளம்பரத்தைக் கேட்டிருக்கிறார். மச்சினன் கம்பெனி பெயிண்ட் என்ற பெருமை வேறு. பக்கத்துக் கடைக்குப் போய், "மழைமேகம் ஒரு சின்ன டின்," என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கலந்து, வழக்கம்போல மூடியில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினாராம். மச்சான் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாராம். தனக்குத் தெரியவில்லை என்று கடையில் எப்படிச் சொல்வார்? தடவித் தடவி அவரே பட்டையடித்தார். அக்கா இரவில் வந்து பார்த்து, அழுக்குத் தெரியாமலிருக்க அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவர் அந்தப் படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அக்காகிட்ட சொல்லாத தம்பி. நல்ல கருப்பாத்தான் அடிச்சேன். மழைமேகம். அதுவே எனக்குத் தெரியல. கண்ணு முழுசா போயிடுச்சு." அந்தப் படிக்குப் பயந்து பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். அடக்க முடியாமல் எழுந்து போன அன்றுதான் விழுந்தார்.

எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனதும் அந்தக் கார்டை விளம்பரப் பிரிவு மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா அழுதார். அடுத்த அச்சில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே நிறமும், வெளிரா அடரா என்பதும் வந்தன. பெயரின் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மச்சான் வீடு திரும்புமுன், அசல் கருஞ்சாம்பலை நானே கலந்து கொண்டுபோய் அந்தப் படியில் அடித்தேன். அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. குளியலறைப் பக்கம் வந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, அங்க ஏதோ கோடு மாதிரி தெரியுதே?"

"ஆமா மச்சான். படிதான். இப்பத்தான் கருப்பா அடிச்சிருக்கேன். நீங்க அடிச்ச மழைமேகம் வெறும் வெளிர் சாம்பல்."

நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கும் எனக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு," என்றார்.