குளியலுக்கு மட்டும் இரண்டு மணி நேரம்

கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. திருச்சியில் ஒரு மாடியில் பதினோரு பேர். நான் அங்கே ப்ரோகிராமர். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வருகிற மெயில்களை முதலில் படிப்பதும் நான்தான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அந்த வேலையை என் தலையில்தான் கட்டுவார்கள்.

அன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே போனில் ஏழு மெயில் படித்துவிட்டேன். ஏழும் ஒரே ப்ரோகிராமிங் கோர்ஸில் படித்தவர்கள் அனுப்பியது. ஏழிலும் அச்சுப் பிசகாமல் ஒரே வரி: "எனக்கு வேலை அனுபவம் இல்லை. நான் கோர்ஸில் செய்த நான்கு ப்ராஜெக்டுகளை அதற்கு ஈடாகக் கருதவும்."

எப்படிக் கருதுவது? சொல்லிக் கொடுத்தவரே பாதி செய்து காட்டி, மீதியை இவர்கள் முடித்தது. எல்லாரிடமும் அதே நான்கு: செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், வானிலை, ஒரு கடை, ஓட்டல் அறை புக்கிங். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு பேரை ஒதுக்கியாயிற்று. ஏழாவது ஒரு பெண். கடமைக்கு அவளுடைய ஓட்டல் லிங்க்கைத் தட்டினேன்.

மற்ற ஆறிலும் வருகிற தேதி, போகிற தேதி, அவ்வளவுதான். இவளுடையதில் அதற்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது. "குளிச்சு, துணி மாத்த மட்டும்: 2 மணி நேரம்."

பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். எந்தக் கோர்ஸில் இதைச் சொல்லித் தருவார்கள்! மறுநாளே வரச் சொன்னேன்.

முப்பது வயது இருக்கும். உட்கார் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

"இந்தப் பட்டன் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

"சமயபுரத்துல அப்படித்தான் மேடம். ராத்திரியெல்லாம் நடந்து வருவாங்க. தங்க மாட்டாங்க. குளிச்சு, மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு அம்மனப் பாக்கப் போயிடுவாங்க. அவங்களுக்கு ஒரு நாள் வாடகை கேட்டா அநியாயம் இல்லையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

தலை குனிந்துகொண்டாள். "அங்க ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன்ல இருக்கேன் மேடம். ஆறு வருஷமா. கோர்ஸ் ஆன்லைன்ல, லீவு நாள்ல படிச்சேன்."

"அடிப்பாவி! ஆறு வருஷம் அறை புக்கிங் பண்ணிட்டு, புக்கிங் சாஃப்ட்வேர் செய்யற கம்பெனிக்கு அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கியே!"

"ஐ.டி.க்கு சம்பந்தமில்லாததைப் போடாதீங்கன்னு கோர்ஸ்ல சொன்னாங்க மேடம்."

யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுடைய ப்ராஜெக்டை இரண்டு ஜன்னலில் திறந்து, ஒரே அறையை ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் பெயரில் புக் செய்தேன். இரண்டுமே உறுதியாகிவிட்டது. மண்டபத்தில் இது நடந்தால் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளை வந்து நிற்பார்கள்.

அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ மேடம். லாட்ஜ்ல நோட்டு ஒண்ணுதான். பேனா யார் கையில இருக்கோ அவங்கதான் எழுத முடியும். இங்க ரெண்டு பேர் கையிலயும் பேனாவைக் குடுத்துட்டேன்."

பிரச்சினையின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. பிரச்சினை என்னவென்று தெரிந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில், இரண்டு இடத்தில் கூகிள் பார்த்து, சரிசெய்தாள். இரண்டாவது ஆளுக்கு "மன்னிக்கவும், இப்பதான் ஒருத்தர் எடுத்துட்டாங்க" என்று வரும்படி போட்டிருந்தாள். அந்த 'இப்பதான்' எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதலாளியிடம் போய் நின்றேன். இரண்டு வருட அனுபவம் கேட்டிருந்தோமே என்றார். ஆறு வருஷம் இருக்கு சார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துவிட்டு, "திங்கட்கிழமையே சேரச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த ஆளைப் பாருங்க" என்றார்.

வெளியே காத்திருந்தவளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நின்றாள்.

"மேடம், திங்கட்கிழமை முடியாது. சித்திரைத் தேர் வருது. கூட்டத்துல லாட்ஜை அப்படியே விட்டுட்டு வர முடியாது. தேர் முடிஞ்சு வரட்டுமா? இல்ல, வேற ஆளை எடுத்துக்குவீங்கன்னா... பரவாயில்ல மேடம்."

பரவாயில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்காக இப்போதுதான் உள்ளே சண்டை போட்டுவிட்டு வருகிறேன், உனக்கு லாட்ஜ் பெரிதா என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் எப்படியோ ஆகிவிட்டது. இந்தப் பெண்ணை விட்டுவிடவே கூடாது என்று தோன்றியது.

திரும்ப முதலாளி அறைக்குள் போனேன்.

"சார், அவ தேர் முடிஞ்சுதான் வருவா."

"அப்ப அடுத்த ஆள்?"

"அடுத்த ஆள் வேண்டாம் சார். அதுவரைக்கும் அவ வேலையையும் சேர்த்து நான் பாக்கறேன்."