பூரணத்தின் வீட்டு வாங்கும் ஒரு சேவைக் கடிதமும்

கோப்பாயில் தனுஷிகாவை அறியாதவர்கள் குறைவு. அவளை நல்ல பிள்ளை என்பதற்காக அறிந்தவர்கள் பாதிப்பேர். அவளுடைய ஸ்கூட்டியின் சத்தம் கேட்டவுடன் படலையைச் சாத்தியவர்கள் மிச்சப்பேர். உயர்தரத்தில் வணிகம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாமல், யாழ்ப்பாண நகரத்தில் இருந்த ஒரு நுண்கடன் கம்பனியில் வேலைக்குப் போனவள். ஆறு வருசம் வீடு வீடாகப் போய்க் கிழமைக்கட்டு, அதாவது கடனின் வாரத் தவணை, சேர்த்தாள். கடன் எடுத்த பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருத்திக்கு ஒருத்தி பிணை நிற்க வைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற எவரையும் எழும்ப விடாமல் வைத்திருப்பதுதான் அங்கே வேலை. மழை வந்தாலும் இருக்க வேண்டும். பிள்ளை அழுதாலும் இருக்க வேண்டும். இதற்கு அந்தக் கம்பனி வைத்திருந்த பெயர் 'பெண்களை வலுவூட்டல்'.

அதைச் சொல்லும்போதெல்லாம் தனுஷிகாவுக்குக் குமட்டும். ஆனாலும் சம்பளம் வந்தது. தகப்பன் இல்லாத வீட்டில் தாய் கேதீஸ்வரிக்கு மருந்து வாங்கியதும், வீட்டுக்கு ஓடு மாற்றியதும் அந்தச் சம்பளந்தான். குமட்டலை விழுங்கிக்கொண்டு ஓடினாள்.

போன மார்கழியில் ஒரு வங்கியின் நேர்முகத்தில் அவள் தேறினாள். பெப்ரவரி முதலாம் திகதி சேரச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வருகிறவர்களுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற வேலை. இனி ஒருவருடைய படலையையும் தட்டத் தேவையில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கேதான் தாயின் பிடிவாதம் குறுக்கே வந்தது. விலகல் கடிதத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு, அடுத்த நாளே கொடுக்கப் புறப்பட்டவளைக் கேதீஸ்வரி விடவில்லை.

"மார்கழியிலை ஒண்டையும் தொடங்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது பிள்ளை. தை பிறக்கட்டும். பொங்கலுக்கு அடுத்த நாள் கொண்டுபோய்க் குடு."

"அம்மா, ஒரு மாச முன்னறிவித்தல் குடுக்க வேணும். இல்லாட்டி அவங்கள் காசு கேப்பாங்கள்."

"உனக்கு ஆறு வருசம் உழைச்ச இடம். ரெண்டு கிழமைக்குக் கணக்குப் பாப்பினமே?"

பார்ப்பார்கள் என்பது தனுஷிகாவுக்குத் தெரியும். ஒரு கிழமைக்கட்டு ஒரு நாள் பிந்தினாலே கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்கள். தெரிந்தும் தாயின் சொல்லை மீற மனம் வரவில்லை. கடிதம் பிள்ளையார் படத்துக்கு அடியில் கிடந்தது. பொங்கலுக்கு அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிளை முகாமையாளர் ஜெயதீபன் கடிதத்தை வாசித்துவிட்டு முகத்தை மாற்றவே இல்லை. அவன் எப்போதும் அப்படித்தான். கோபம் வந்தால் சத்தம் போடுகிறவனைச் சமாளிக்கலாம், சிரித்துக்கொண்டு கழுத்தை நெரிக்கிறவனை என்ன செய்வது?

"நல்லது தனுஷிகா. நல்ல இடந்தானே. போய்ச் சேரும். நிலுவைகளைக் கையளிச்சிட்டுப் போம்," என்றான்.

ஜனவரி முடிகிறவரைக்கும் ஓடி ஓடி வேலை செய்தாள். கைத்தொலைபேசி, சிம், ரசீதுப் புத்தகங்கள், குழுக்களின் கோப்புகள் என்று எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். கடைசி நாள் விடுவிப்புக் கடிதத்தையும் சேவைக் கடிதத்தையும் கேட்டபோதுதான் ஜெயதீபன் வாயைத் திறந்தான்.

"நியமனக் கடிதத்திலை என்ன கிடக்கு? ஒரு மாசம் முன்னறிவித்தல், இல்லாட்டி ஒரு மாசச் சம்பளம். நீர் குடுத்தது ரெண்டு கிழமை. ஒரு மாசச் சம்பளத்தைக் கட்டிப்போட்டு வாரும், கடிதம் தாறன்."

"சேர், நான் ரெண்டு கிழமை வேலை செய்தனான்தானே. குறைஞ்ச நாளுக்குத்தானே காசு?"

"அது கொழும்பிலை இருக்கிற எச்.ஆர். சொல்லுற கதை. என்னட்டைக் கேக்காதையும். அதுவரைக்கும் ஜனவரிச் சம்பளமும் நிப்பாட்டி வைக்கச் சொல்லியிருக்கினம்."

தான் உழைத்த சம்பளமும் போய், அதற்கு மேல் தானே ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று கேட்டபோது தனுஷிகாவுக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இப்படித்தான் எத்தனை பெண்கள் தன் முன்னால் நின்றிருப்பார்கள் என்று நினைத்தாள்.

வங்கியில் சேர விட்டார்கள். ஆனால் பெப்ரவரி முடிவதற்குள் பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதமும் சேவைக் கடிதமும் கொடுக்காவிட்டால் நியமனம் இரத்தாகும் என்று எழுத்தில் தந்தார்கள். அவள் மதிய இடைவேளையில் தொழில் திணைக்களத்துக்கு ஓடினாள். மேசையில் இருந்த அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"வேலை செய்த நாளுக்குச் சம்பளம் தரத்தான் வேணும் தங்கச்சி. முன்னறிவித்தல் குறைஞ்சால் குறைஞ்ச நாளுக்கு அவை காசு கேக்கலாம், அது வேறை விசயம். அதுக்காகச் சேவைக் கடிதத்தைப் பிடிச்சு வைக்கிறது சரியில்லை. நீர் முறைப்பாட்டை எழுதித் தாரும், ரெண்டு பகுதியையும் கூப்பிட்டு விசாரிப்பம்."

அவள் எழுதிக் கொடுத்தாள். விசாரணைக்கு நாளும் குறித்தார்கள். அன்று கம்பனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும், வேறு நாள் தாருங்கள் என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. அடுத்த விசாரணை நாள் மார்ச்சுக்குத் தள்ளிப் போனது. சட்டம் அவள் பக்கத்தில்தான் நின்றது. என்ன, நாட்காட்டி அவள் பக்கத்தில் நிற்கவில்லை.

அந்தக் கிழமையே ஜெயதீபன் அவளுக்கு அழைப்பு எடுத்தான். குரலில் தேன் வடிந்தது.

"ஏன் தனுஷிகா உந்த லேபர் ஒப்பீசுக்கெல்லாம் போறீர்? நாங்கள் வெளியாக்களே? ஒரு வழி சொல்லுறன். பண்டத்தரிப்புப் பூரணம் தெரியுந்தானே? உம்மடை குழு. நீர் போன பிறகு அவ ஒரு சதமும் கட்டேல்லை. புதுப் பெடியன் போனால் நாயை அவிட்டு விடுறா. நீர் போய் இருந்தால் கட்டுவா. அந்த நிலுவையை எடுத்துத் தாரும், உம்மடை குறைஞ்ச நாளெல்லாம் சரியாப் போச்சு எண்டு நானே எழுதிறன்."

தனுஷிகா மாட்டேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கே அது தெரியும். சனிக்கிழமை விடியற்காலையில் தனக்கே தெரியாத ஒருத்தியைப் போல ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனாள்.

பூரணம் புருசனை இழந்தவள். தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நடுகிறவள். இருமுறை வெங்காயம் அழுகிப்போனதில் கடன் மேலே மேலே ஏறியது. தனுஷிகாவைக் கண்டதும் நாயைப் பிடித்துக் கட்டினாள். முற்றத்து வேம்புக்குக் கீழே கிடந்த நீள மர வாங்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"வாங்கோ மிஸ். வேலையை விட்டிட்டியள் எண்டு சந்தோசப்பட்டனான். பிறகும் வந்திருக்கிறியள்?"

தனுஷிகா அந்த வாங்கில் இருந்தாள். ஆறு வருசமாக இருந்த அதே வாங்கு. அதில் இருந்தபடி என்ன செய்வது என்று அவளுடைய உடம்புக்கே தெரியும். பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, எழும்பக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் அவமானம் மிச்ச வேலையைச் செய்யும். அப்படியே இருந்தாள். பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. பூரணத்தின் முகம் கறுத்தது. உள்ளே போய் ஒரு சிறிய தகர ரின்னைக் கொண்டுவந்தாள். விதை வெங்காயம் வாங்கச் சேர்த்த காசு.

"இதை எடுத்துக்கொண்டு போங்கோ மிஸ். ஆனால் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையுங்கோ. நீங்கள் இப்ப அங்கை வேலை செய்யேல்லை. பிறகு ஏன் வந்தனீங்கள்?"

பொய் சொல்ல அவளால் முடியவில்லை. கடிதத்தைப் பிடித்து வைத்திருப்பதையும், நிலுவை எடுத்துக் கொடுத்தால் தருவதாகச் சொன்னதையும் சொன்னாள். பூரணம் ரின்னை வாங்கின் மேல் வைத்தாள்.

"அப்ப உங்கடை கடுதாசிக்கு நானோ மிஸ் காசு கட்ட வேணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு விளங்காத ஒருத்தி விளக்கம் கேட்பது போலத்தான் கேட்டாள். தனுஷிகாவுக்கு அருவருப்பு வந்தது. ஜெயதீபன் மேல் வந்த அருவருப்பு அல்ல, அது பழையது. இது தன் மேலேயே வந்தது. தான் இருந்த வாங்கையும், அதில் இருந்த தன் உடம்பையும் அவளால் தாங்க முடியவில்லை. ரின்னைத் தொடாமல் எழும்பினாள். படலையைக் கடந்தாள்.

திங்கட்கிழமை மதியம் தன் சங்கிலியை அடகு வைத்தாள். ஒரு மாதச் சம்பளத்தைக் கம்பனிக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்கினாள். முறைப்பாட்டை மீளப் பெற்றால்தான் கடிதம் என்று ஜெயதீபன் கடைசியாகவும் ஒரு முடிச்சுப் போட்டான். அதையும் எழுதிக் கொடுத்தாள். ஜனவரிச் சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம் என்றான். பிறகு என்பது எப்போது என்று அவள் கேட்கவில்லை. காசு கைக்கு வந்தவுடன் அவனுக்கும் மனம் இளகிவிட்டது.

"நல்லா எழுதியிருக்கிறன் தனுஷிகா. உமக்கு ஒரு குறையும் வைக்கேல்லை," என்று இரண்டு கடிதங்களையும் உறையில் போட்டுக் கொடுத்தான்.

வழியிலேயே அவள் அதைத் திறந்து வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. அந்தக் கடதாசியைத் தொடவே பிடிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வங்கி முகாமையாளரிடம் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது.

"அட, நிலுவை எடுக்கிறதிலை உங்களைப் போலை ஒருத்தரும் இல்லை எண்டு எழுதியிருக்கினம். கஷ்டமான வாடிக்கையாளர் வீட்டிலை மணிக்கணக்கா இருந்து எடுத்துத் தருவாவாம். உங்களைக் கவுண்டரிலை வைச்சு வீணாக்கிறமே. எங்கடை விவசாயக் கடன் பகுதி ஆளில்லாமல் கிடக்கு."

"சேர், எனக்குக் கவுண்டர் போதும்."

"அடக்கம் வேண்டாம் பிள்ளை."

"அடக்கமில்லை சேர். அந்தக் கடிதத்தையே நான் அவங்களுக்குக் காசு கட்டித்தான் எடுத்தனான்."

அவர் நல்ல பகிடி ஒன்றைக் கேட்டவர் போல வாய்விட்டுச் சிரித்தார்.

"பாருங்கோ, காசு கட்ட வைக்கத் தெரிஞ்ச இடத்திலை பழகின பிள்ளை எண்டு கடிதம் இல்லாமலே தெரியுது," என்று சொல்லி, மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடன் கோப்பினை அவள் பக்கம் தள்ளினார். "வலிகாமம் தென்மேற்கு. பண்டத்தரிப்பிலையிருந்து தொடங்குங்கோ."