ஒக்டோபரில் விழாத தீபாவளி

மானிப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் புடவைப் பகுதியைப் பத்மாசினி பதினொரு வருடம் நடத்தினாள். ஒரு முழத் துணி குறைந்ததாகப் பேச்சு வந்ததில்லை. 1985 நவம்பர் முதல் திங்கட்கிழமை காலையில் சங்கத் தலைவர் கதிரவேலு நேரே வந்து ஒரு வேலைநிறுத்தி வைக்கும் கடிதத்தை நீட்டினார்.

"போன வருச ஒக்டோபரிலை நானூற்றிப் பன்ரண்டு சீலை. இந்த ஒக்டோபரிலை நூற்றி முப்பத்தொண்டு. மிச்சச் சனம் எங்கை போனது? வெளிக்கடையளுக்கு ஆரோ துணி குடுக்கினம் எண்டு கதை வருது, பிள்ளை. விசாரணை முடியும்வரை சாவியைத் தாரும்."

பத்மாசினி சாவியை மேசையில் வைத்தாள். வாசலில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விறாந்தைக்கு வந்தவள் அங்கே மெசின் போட்டிருந்த தையற்காரர் இஸ்ஸதீனின் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ஸதீன் மெசினை நிறுத்தினார்.

"அக்கா, போன வருசம் தீபாவளி எப்ப?"

"ஒக்டோபர்... நாலாம் கிழமை."

"இந்த வருசம் வாற திங்கள். இன்னும் வரேல்லையே! எங்கடை பெருநாள் வருசா வருசம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். இங்கிலீஸ் மாதத்தைப் பாத்தால் நான் பிழைக்கேலாது. பெருநாளுக்கு எத்தினை நாள் கிடக்கெண்டுதான் எண்ணுவன்."

அவள் திரும்ப உள்ளே ஓடினாள். இரண்டு வருட நாள் விற்பனைக் கொப்பிகளையும் விரித்து, தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். இந்த வருடம் இன்னும் வராத கடைசிக் கிழமையை விட்டு அதற்கு முந்திய மூன்று கிழமைகளை மட்டும் கூட்டினாள். போன வருடம் நூற்றி நாற்பத்தொன்பது சீலை. இந்த வருடம் நூற்றி அறுபத்தொன்று.

"குறையேல்லை ஐயா, கூடியிருக்கு. போன வருசக் கணக்கிலை கடைசிக் கிழமையும் ஒக்டோபருக்குள்ளை விழுந்திட்டுது. அந்த ஒரு கிழமையிலை மட்டும் இருநூற்றி அறுபது சீலை போனது."

கதிரவேலு ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை... விக்காதெண்டு நினைச்சு களஞ்சியத்திலை கிடந்த ரண்டு கட்டுச் சீலையையும் வெள்ளி பின்னேரம் நீர் போனாப்பிறகு கொடிகாமச் சங்கத்துக்கு அனுப்பிப்போட்டன்."

பத்மாசினி மேசையில் கிடந்த சாவியை எடுத்துக் களஞ்சியக் கதவைத் திறந்தாள். தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. திருடி என்ற பேச்சைவிட அந்த வெறுந்தட்டுகள்தான் அவளை உலுக்கின. பண்டிகையின் பெருங்கூட்டம் இனித்தான் வரவிருந்தது.

கதிரவேலு உடனே லொறி பிடித்துப் போனார். ஒரு கட்டுத்தான் திரும்பி வந்தது. மற்றதை அங்கே விற்றுவிட்டிருந்தார்கள். வியாழனோடு சீலை முடிந்தது. வெள்ளியும் சனியும் வந்தவர்களை, "இல்லை அம்மா, இல்லை" என்று கைகூப்பி அனுப்பியவள் அவள்தான்.

விசாரணை கைவிடப்பட்டது. கடிதத்தைத் திருப்பி வாங்க வந்த கதிரவேலுவிடம் அவள் அதைக் கொடுக்கவில்லை.

"இதிலை என்ரை பேர் கிடக்கு. பிழையெண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ ஐயா. எல்லாரும் பாக்க வாசலிலை ஒட்டோணும்."

அவர் கடிதத்தை மேசையில் விரித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.