நான்கு நொடி இடைவெளி

பெர்ன்ஹில்லில் ராஜப்ரியா செய்யும் வேலையை அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "சினிமாவுக்கு வசனம் எழுதறீங்களா?" என்பார்கள். இல்லை, வசனத்துக்கு நடுவில் எழுதுகிறாள். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் நடப்பதைக் குரலில் சொல்ல வேண்டும். பாத்திரங்கள் பேசாத இடைவெளிகளைக் கண்டுபிடித்து, எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று குறித்து, அதற்குள் அடங்கும் வரியைத் திரைக்கதையில் செருக வேண்டும். கண்ணில் படுவதை மட்டும்தான் சொல்லலாம். அபிப்பிராயம் கூடாது. காதால் கேட்டே புரிவதைத் திரும்பச் சொன்னால் கேட்கிறவருக்கு எரிச்சல் வரும்.

டீ பேக்டரி ஆபீசில் ஏழு வருஷம் ரிஜிஸ்டரோடு மல்லுக்கட்டியவள் அதை உதறிவிட்டு இதில் இறங்கியிருந்தாள். முதல் முழுநீளப் படம் இதுதான். கம்பெனிக்காகக் கேட்டுச் சரிபார்க்கும் குன்னூர் செலஸ்டின் டீச்சர் ஒப்புதல் தந்தால் சென்னைக் கம்பெனி அடுத்த படத்தையும் தரும். இல்லையென்றால் பழையபடி ரிஜிஸ்டர்தான்.

செலஸ்டின் டீச்சர் பிறவியிலேயே பார்வையில்லாதவர். சும்மா தலையாட்டுகிற ஆளும் இல்லை. மத்தியானம் போன் செய்தார்.

"ஏம்மா, எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு எடை போடறவரை அறையுது? அந்தாளு ஒண்ணும் செய்யலையே?"

"அவரு ஏமாத்தறாருங்க டீச்சர்."

"எங்கே? நான் ரெண்டு தடவை கேட்டேன். எடை போடறப்ப நீ பனியைத்தான் சொல்ற. சரிவுல வெள்ளையா இறங்குதாம். அழகாத்தான் இருக்கு, அதை வச்சு நான் என்ன பண்ண? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடு. இப்படியே விட்டா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ராஜப்ரியா அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தாள். தொங்குதராசில் அந்தப் பெண் பறித்த தேயிலைக் கொழுந்து மூட்டை. எடை போடுகிறவர் மூட்டைக்கு அடியில் காலைக் கொடுத்துத் தூக்குகிறார், முள் இறங்குகிறது, குறைந்த எடையைச் சத்தமாகச் சொல்கிறார், அவள் கூலி குறைகிறது. கேமரா மெனக்கெட்டு அதைக் காட்டுகிறது. கதையே அதில்தான் திரும்புகிறது. அவளோ பனியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

ஏன் விட்டோம் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் அப்பா குமாரசாமி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து எடை போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து எடைக்கொட்டகையில் காத்திருந்த நாளெல்லாம் மூட்டைக்கு அடியில் அப்பாவின் கால் போவதை அவள் பார்த்திருக்கிறாள். எடை போடுவதென்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள். இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இடைவெளி நான்கு நொடி. பனியை அழித்தாள். 'எடையைத் திருடுகிறார்' என்று எழுதினால் ஒரே நொடியில் முடியும். ஆனால் அது அபிப்பிராயம். கேட்கிறவர் தானே கண்டுபிடிக்க வேண்டும். 'முழங்காலால் மூட்டையைத் தூக்குகிறார். முள் இறங்குகிறது' என்று எழுதினாள். இனி வாய்விட்டுப் படித்து நேரம் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மனதுக்குள் படித்தால் நேரம் ஏமாற்றும். வெளியே மழை கொட்டுகிறது, வீட்டில் இருப்பது ஒரே கூடம், எதிர் நாற்காலியில் கம்பளியைப் போர்த்தியபடி அப்பா.

மணி நாலரை. போனில் நேரத்தை ஓடவிட்டுப் படித்தாள். அரை நொடி அதிகம். வேகமாகப் படித்தாள். சொற்கள் குழறின. மூன்றாம் முறை படித்தபோது குமாரசாமி தலையை நிமிர்த்தினார்.

"முழங்காலு இல்ல கண்ணு."

அவள் கை நின்றது.

"முழங்காலுன்னா வரிசையில நிக்கறவங்களுக்குத் தெரிஞ்சு போயிரும். பாதம். நுனிப்பாதத்தை அடியில குடுத்து லேசா ஏத்தோணும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜப்ரியா படத்தைப் பின்னால் ஓட்டி ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினாள். பாதம்தான். காணாததை எழுதியிருக்கிறாள். 'பாதத்தால் மூட்டையைத் தூக்குகிறார். முள் இறங்குகிறது.' படித்தாள். நான்கு நொடிக்குள் அடங்கியது. அதையே குரலில் பதிந்து அனுப்பினாள்.

அனுப்பிய பத்தாவது நிமிஷம் செலஸ்டின் டீச்சர் கூப்பிட்டார். "இப்பப் புரியுதும்மா. அடப்பாவி மனுசன்! பொண்ணு அறைஞ்சதுல தப்பே இல்ல. நான் ஒப்புதல் போட்டுட்டேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வேலை நிலைத்துவிட்டது, துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் போனை மெல்லக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு அறையுதா?" என்றார் குமாரசாமி.

"ஆமாங்கப்பா."

"அதையும் எழுதிட்டியா?"

"இல்லீங்கப்பா. அது சத்தத்துலயே தெரிஞ்சிரும். சொல்ல வேண்டியதில்ல."

குமாரசாமி சரி என்று தலையாட்டினார். கம்பளிக்கு வெளியே நீண்டிருந்த பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.