இருபத்தாறாவது ஆள்

என் வீட்டுக்காரர் பெயர் அங்கப்பன். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு கோயமுத்தூருக்கு வந்து, உக்கடத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் அஞ்சு வருசம் வேலை பார்த்தார். திருகாணி முடுக்கும் திருப்புளியின் மூக்கை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். எந்தப் பக்கத்து பேரிங் போயிருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். கடைக்காரர் சம்பளம் கூட்டவில்லையே தவிர, இதை எல்லாரிடமும் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வார்.

ஐம்பத்தெட்டாம் வருசம் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுத்தார்கள். இவருக்கும் ஆர்டர் வந்தது. எந்தப் பிரிவு என்று அதில் போடவில்லை. அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்த எதிர்வீட்டு ராமுலு வந்து விவரம் சொன்னார். முதல் நாள் எல்லாரையும் கேன்டீன் ஹாலில் உட்கார வைப்பார்களாம். ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். பெயர், ஊர், தெரிந்த வேலை ஒன்று. அரை நிமிசம்தான். முன்னால் பர்சனல் ஆபீசரும் பிரிவுத் தலைவர்களும் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்து, யார் எங்கே என்று அங்கேயே எழுதிவிடுவார்களாம். டெஸ்டிங் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள்தான் வேணுமாம்.

டெஸ்டிங் என்றால் ஓடுகிற மோட்டாரைக் கேட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற இடம். இவருக்கென்றே செய்து வைத்த வேலை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தார். அப்பா பெயர், தோட்டத்துக் கிணறு வற்றிய கதை, கடைக்காரர் குணம், கம்பெனிக்கு நன்றி என்று போய்க்கொண்டே இருந்தது. உலையில் அரிசி போட்டபோது ஆரம்பித்தவர், கஞ்சி வடிக்கும்போதும் முடிக்கவில்லை.

"ஏனுங்க, பொண்ணு பாக்கவா போறீங்க? அவங்களுக்கு உங்க தோட்டம் எதுக்கு?" என்றேன். ஒவ்வொன்றாக வெட்டினேன். உங்களுக்கு முன்னால் இருபது பேர் அப்பா பெயர் சொல்லியிருப்பார்கள், இருபது பேர் நன்றி சொல்லியிருப்பார்கள், கேட்கிறவனுக்குத் தூக்கம் வந்திருக்கும் என்றேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "பேரு அங்கப்பன். சத்தியமங்கலம் பக்கம். ஓடற மோட்டார் மேல திருப்புளிய வெச்சுக் காதுல கேட்டா, எந்த பேரிங் போச்சுன்னு பிரிக்காமலே சொல்லிப்போடுவேனுங்க."

பத்துத் தடவை சொல்ல வைத்தேன். நன்றாகவே சொன்னார்.

நடந்ததை மறுநாள் அவர் வாயாலேயே கேட்டேன்.

கம்பெனி கேட்டில் இவர்தான் மூன்றாவதாக நின்றிருக்கிறார். பக்கத்தில் பொங்கியண்ணன் என்று ஒருவர், வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. நம்ம ஆள்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் முதலில் என்ன கேட்பார்கள்? எந்த ஊர், குலத்தில் என்ன கூட்டம். இரண்டு பேருக்கும் ஒரே கூட்டம், ஒரே குலதெய்வக் கோயில். ஆக, பங்காளி, அண்ணன் தம்பி முறை. அதற்கு மேல் இவருக்கு ஒளிக்கத் தெரியாது. உள்ளே என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அவர் கேட்க, நான் வெட்டி வைத்ததை ஒரு எழுத்து விடாமல் சொல்லியிருக்கிறார். திருப்புளியை எப்படிப் பிடிப்பது என்றுகூடக் காட்டியிருக்கிறார்.

ஹாலுக்குள் போகும்போது, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எல்லாருக்கும் வழி விட்டு, மூன்றாவதாக நின்றவர் கடைசி பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தார். இருபத்தாறாவது ஆள். இருபத்தைந்தாவது, கூடவே வந்து உட்கார்ந்த பொங்கியண்ணன்.

முதல் நாலைந்து பேர் சொன்னதை ஆபீசர்கள் கவனித்து எழுதினார்களாம். அப்புறம் எல்லாமே ஒன்றுபோல் ஆகிவிட்டது. விவசாயக் குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி., வாய்ப்புக்கு நன்றி. பர்சனல் ஆபீசர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நடுவில் ஒருவர் எழுந்தார். "பேரு ரசாக். போத்தனூர் ரயில் எஞ்சின் கொட்டாய்க்குப் பக்கத்துல வளந்தவனுங்க. எத்தனை மெஷின் ஓடுனாலும் எம்பட பேச்சு கேக்கும்." சொன்னதே சத்தமாகத்தான். ஹாலே சிரித்தது. ஆபீசர் பேனாவைத் திறந்தார். மெஷின் ஷாப்புக்கு ரசாக்கை எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான் வேண்டியது. என் ஆளுக்கும் அப்போது தைரியம் வந்ததாம்.

அப்புறம் மறுபடியும் விவசாயக் குடும்பம், நன்றி. பேனா மூடிவிட்டது.

இருபத்தைந்தாவதாக பொங்கியண்ணன் எழுந்தார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார். "ஓடற மோட்டார் மேல திருப்புளிய வெச்சுக் காதுல கேட்டா, எந்த பேரிங் போச்சுன்னு பிரிக்காமலே சொல்லிப்போடுவேனுங்க" என்றார். கையையும் அப்படியே காட்டினாராம். டெஸ்டிங் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டியலில் வட்டம் போட்டார்.

அடுத்தது என் வீட்டுக்காரர். எழுந்து நின்றார். அது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மோட்டாரைக் கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் கேட்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். காயில் கட்டத் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம்; அஞ்சு வருசம் அதைத்தானே செய்தார்.

"பேரு அங்கப்பன். நானும் அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரசாக்குக்குச் சிரித்ததைவிட அதிகம் சிரித்தார்களாம். பேக்கிங் பிரிவில் போட்டார்கள்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்றேன்.

"பங்காளிய எப்படி அம்மணி பத்துப் பேரு முன்னாடி பொய்யன்னு சொல்றது?"

அந்தப் பங்காளிக்கு அந்த யோசனை இல்லையே என்றேன். சோறு போட்டேன், சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு வருசம். பேக்கிங்கில் 'நானும் அப்படித்தான்' என்பதே இவர் பெயராகிவிட்டது. வேலை கெட்டியான வேலைதான். பெட்டிக்கு ஆணி அடிப்பது, வைக்கோல் திணிப்பது. பழுதென்று திரும்பி வரும் மோட்டார்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதும் இவர்தான். டெஸ்டிங்கில் பொங்கியண்ணன் ஃபோர்மேன் ஆகிவிட்டார். அவர் வீட்டு விசேசங்களுக்கு நாங்கள் போய்த்தான் வருகிறோம். பங்காளி ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமையானால் சுற்று வட்டத்துத் தோட்டக்காரர்கள் இவரைத்தான் கூப்பிட்டுப் போய் மோட்டாரைக் கேட்கச் சொல்வார்கள். மோர் கொடுத்து அனுப்புவார்கள்.

போன வாரம் கம்பெனியில் புதிதாக முப்பது பேர். அதே ஹால். பெஞ்சு போட்டு, தண்ணீர்க் குடம் வைத்துவிட்டு இவர் ஓரமாக நின்றிருக்கிறார். எப்படிப் பேசுவது என்று புதியவர்களுக்குச் சொல்ல இந்தத் தடவை பொங்கியண்ணனை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள், முன்னால் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்து, உதாரணத்துக்கு திருப்புளி வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினாராம். என் அடுப்படியில் வெட்டிய வாக்கியம். அதோடு விடவில்லை. ஓரத்தில் நின்றவரைக் கை காட்டி, "எப்படிப் பேசக் கூடாதுன்னு கேட்டீங்கன்னா, அதா நிக்கறாரே, எங்க பங்காளிதானுங்க" என்று அந்தக் கதையையும் சொல்லியிருக்கிறார். முப்பது பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றேன்.

"நானும் சிரிச்சேன்."

எனக்குக் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, தணிந்த குரலில் சொன்னார்: "பேரு அங்கப்பன். பேக்கிங். திரும்பி வர்ற மோட்டார எல்லாம் நாந்தானுங்க வெளிய எடுக்கறேன். கையில ஒரு சுத்து சுத்துனா, டெஸ்டிங்ல எதக் கேக்காம உட்டாங்கன்னு சொல்லிப்போடுவேன்."

அரை நிமிசம்கூட ஆகவில்லை. யாரும் சொல்லாததும்கூட.

"இத அங்க சொல்றதுக்கென்னங்க?"

"யாரும் கேக்கலியே அம்மணி" என்று கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் மத்தியானச் சோறு வைத்த தூக்குப்போசியை மறந்துவிட்டுப் போனார் என்று பஸ் ஸ்டாப்புக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் வந்து நின்றது. இவர்தான் முதலில் நின்றார். "நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க" என்று பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் வழி விட்டார். பஸ் நிறைந்து, இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. தூக்குப்போசியைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.